புதன் முதல் வெள்ளி வரை விடுப்பு: வியாழக்கிழமை அனுப்பிய செய்தியின் தொடர்ச்சி

சங்கரன்கோவில்
17.11.2025, திங்கள்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அம்மா அவர்களுக்கு,

வணக்கம். கடந்த வியாழக்கிழமை மாலை, என் தாயாரின் கண் அறுவை சிகிச்சைக்காக விடுப்புக் கேட்டுத் தங்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பியிருந்தேன். மறுநாள் குழந்தைகள் தின விழா, அதற்கடுத்து மழை விடுமுறை வருமா வராதா என்று பெற்றோரிடமிருந்து அழைப்புகள் என்று தங்கள் கைபேசி ஓயாமல் ஒலித்த நாட்கள் அவை. என் செய்தி அவற்றின் அடியில் போயிருக்கும். இன்று தாங்கள் கல்வி அலுவலகக் கூட்டத்துக்குச் சென்றிருப்பதால் நேரில் கேட்க முடியவில்லை. அதனால் இதை எழுதி, விடுப்பு விண்ணப்பத்துடன் தங்கள் மேசையில் வைத்துச் செல்கிறேன்.

நான் கேட்பது இதுதான்: நவம்பர் 19 புதன், 20 வியாழன், 21 வெள்ளி ஆகிய மூன்று நாட்களுக்குத் தற்செயல் விடுப்பு வேண்டும். இந்த ஆண்டுக்குரிய 12 நாட்களில் 7 நாட்களை எடுத்திருக்கிறேன். இந்த மூன்றையும் சேர்த்தால் 10 ஆகும். நாளை, செவ்வாய்க்கிழமை, மதிய உணவு இடைவேளைக்குள் தங்கள் முடிவு தெரிந்தால் போதும். வருகிறோம் என்பதை மருத்துவமனைக்கு நாளை மாலை 4 மணிக்குள் உறுதி செய்ய வேண்டியிருக்கிறது. கைபேசியில் ‘ஆகட்டும்’ என்ற ஒரு சொல் வந்தாலும் எனக்குப் போதும். நாளைக் காலை இறைவணக்கம் முடிந்ததும் அலுவலகத்துக்கு வருகிறேன். அப்போது வாய்மொழியாகச் சொன்னாலும் சரி.

முடிவுக்குத் தேவையானது இவ்வளவே. கீழே உள்ளவை, தங்களுக்குக் கேள்வி எழுந்தால் பார்த்துக்கொள்வதற்காக எழுதியவை.

வியாழனன்று அனுப்பியதைத் தேட வேண்டாம் என்பதற்காக அப்படியே இங்கே எழுதுகிறேன்:

“அம்மா, வணக்கம். என் தாயாரின் வலது கண்ணில் புரை முற்றிவிட்டது. மதுரையில் அறுவை சிகிச்சைக்கு வரும் வியாழன், 20ஆம் தேதி, நாள் கொடுத்திருக்கிறார்கள். புதனன்று சேர்க்க வேண்டும். வெள்ளியன்று கட்டுப் பிரித்துப் பார்த்துவிட்டு அனுப்புவார்கள். உடன் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறார்கள். தம்பி திருப்பூரிலிருந்து வர இயலாத நிலை. பத்தாம் வகுப்புப் பாடங்களுக்கு மாற்று ஏற்பாடு செய்துவிட்டுத்தான் கேட்கிறேன். புதன் முதல் வெள்ளி வரை விடுப்பு எடுக்கலாமா?”

கேள்வி கடைசி வரியில் இருந்தது. விழா நாளுக்கு முந்திய இரவில் அவ்வளவையும் படித்துக் கடைசி வரிக்கு வந்து சேருவது எளிதல்ல. அதனால்தான் இந்தக் கடிதத்தில் கேள்வியை முன்னால் கொண்டுவந்துவிட்டேன்.

தாயாரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அவருக்கு 71 வயது. ராஜபாளையத்தில் என் சித்தியுடன் இருக்கிறார். இடது கண்ணுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் அறுவை சிகிச்சை நடந்தது, நன்றாகத் தெரிகிறது. வலது கண்ணுக்கு செப்டம்பரிலேயே நாள் குறித்திருந்தார்கள். அன்று இரத்தத்தில் சர்க்கரை அதிகமாக இருந்ததால் மருத்துவர் திருப்பி அனுப்பிவிட்டார். சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் கண்ணைத் தொட்டால் புண் ஆறத் தாமதமாகும், தொற்றும் வரலாம் என்றார். இரண்டு மாதம் இனிப்பைத் தொடாமல், காலையிலும் மாலையிலும் நடந்து, மாத்திரையைத் தவறாமல் எடுத்துச் சர்க்கரையை இறக்கியிருக்கிறார். தீபாவளிக்கு அதிரசம் சுட்டு எங்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டுத் தான் ஒன்றுகூட எடுத்துக்கொள்ளவில்லை. அவர் இப்படிக் கட்டுப்பாடாக இருந்து பெற்ற நாள் இது. அதனால்தான் வியாழனை மாற்றாமல் இருக்க விரும்புகிறேன்.

ஆனாலும் பள்ளியில் புதன்கிழமை எனக்குத் தெரியாத முக்கிய வேலை எதுவும் இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். ஆய்வுக்கு அதிகாரிகள் வருவதாக இருந்தாலோ, வேறு ஆசிரியர்கள் ஏற்கெனவே அன்று விடுப்புக் கேட்டிருந்தாலோ, புதனன்று மதியம் வரை பள்ளியில் இருந்துவிட்டுப் பிறகு கிளம்புகிறேன். சித்தி காலையிலேயே தாயாரை மதுரைக்கு அழைத்துச் சென்று சேர்த்துவிடுவார், பேசி வைத்திருக்கிறேன். நான் மாலைப் பஸ்ஸில் போய்ச் சேர்ந்துகொள்வேன். அப்படியானால் புதனுக்கு அரை நாள் என்று விண்ணப்பத்தைத் திருத்தித் தருகிறேன். வியாழனும் வெள்ளியும் மட்டும் நான் அங்கே இருந்தாக வேண்டும். சித்திக்குக் காது மந்தம். மருத்துவர் சொல்லும் சொட்டு மருந்துக் கணக்கை அவர் கேட்டு எழுதிக்கொள்வது கடினம். சென்ற முறை ஒரு மருந்து நாளுக்கு ஆறு முறை, இன்னொன்று மூன்று முறை, வாரத்துக்கு ஒருமுறை குறைத்துக்கொண்டே போக வேண்டும் என்று ஒரு தாள் நிறைய எழுதிக் கொடுத்தார்கள்.

இனி வகுப்புகள்.

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் இந்த வாரம் ஒளியியல் திருப்புதல் நடக்கிறது. அரையாண்டுத் தேர்வு நெருங்கிவிட்டது என்பதால் மூன்று நாளையும் சும்மா விட மனமில்லை. கணித ஆசிரியர் புதன், வெள்ளி இரண்டு நாளும் என் பாடவேளைகளை எடுத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். வியாழனன்று சமூக அறிவியல் ஆசிரியை பார்த்துக்கொள்கிறார். பதிலுக்கு அடுத்த வாரம் அவர்களுடைய வகுப்புகளை நான் எடுப்பேன். தாங்கள் வேறு விதமாக மாற்ற நினைத்தால் அதன்படியே செய்யலாம். மாற்றுப்பணிப் பதிவேட்டில் இன்னும் எதுவும் எழுதவில்லை.

பத்துக் கணக்குகள் அடங்கிய தாள் ஒன்றை எழுதி, வகுப்பில் உள்ள 38 பேருக்கும் படி எடுத்து வைத்திருக்கிறேன். எல்லாம் லென்சு சமன்பாட்டில், 1/f = 1/v − 1/u என்பதில், வருபவை. நம் பிள்ளைகள் வாய்பாட்டைச் சரியாக எழுதிவிடுகிறார்கள், குறியில்தான் வழுக்குகிறார்கள். முதல் கணக்கையே அதற்காகத்தான் வைத்தேன்: குவிலென்சின் குவியத் தொலைவு 10 செ.மீ., பொருள் 15 செ.மீ. தொலைவில் இருக்கிறது. சரியான விடை 30 செ.மீ. பொருளின் தொலைவுக்கு மைனஸ் குறி போட மறந்தவர்களுக்கு 6 செ.மீ. என்று வரும். ஏட்டில் 6ஐப் பார்த்தால் திருத்தாமல் அதைச் சுற்றி ஒரு வட்டம் மட்டும் போட்டு வைக்கும்படி கணித ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். யார் யார் அந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்பதைத் திங்களன்று நானே பார்க்க வேண்டும்.

வியாழக்கிழமை செய்முறை வகுப்பைத் தங்கள் ஒப்புதலுடன் அடுத்த திங்களுக்குத் தள்ளிவைக்க விரும்புகிறேன். அமிலப் பாட்டில்கள் இருக்கும் அலமாரியை நான் இல்லாதபோது திறக்க வேண்டாம். ஆய்வகச் சாவியை நாளை மாலை அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுவேன்.

ஒன்பதாம் வகுப்புக்குப் பாடநூலின் பயிற்சி வினாக்களைக் கொடுத்திருக்கிறேன். அவர்களைப் பற்றிக் கவலையில்லை.

வகுப்பாசிரியை என்ற முறையில் இரண்டு பிள்ளைகளைப் பற்றி மட்டும் சொல்லிவிட வேண்டும். கிழக்கே உள்ள கிராமத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் இந்த மழைக்காலத்தில் முதல் பாடவேளை தொடங்கியபின்தான் வந்து சேருகிறான். ஓடையில் தண்ணீர் வந்தால் நகரப் பேருந்து சுற்றுப்பாதையில் வருகிறது. செயலியில் காலை வருகையைப் பதியும்போது அவன் பெயருக்கு நேரே உடனே ‘வரவில்லை’ என்று போட்டுவிட வேண்டாம். முதல் பாடவேளை முடியும் வரை பொறுக்கும்படி கணித ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறேன். போன வாரம் பிள்ளை வரவில்லை என்ற செய்தி அவன் தாயாருக்குப் போய், அவர் வேலையைப் போட்டுவிட்டுப் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

இன்னொருத்தி, சென்ற மாதம் கண் பரிசோதனையில் கிட்டப்பார்வை என்று கண்டறியப்பட்ட மாணவி. அவளுக்குக் கண்ணாடி இன்னும் வரவில்லை. முதல் பெஞ்சில், ஜன்னல் ஓரமாக அல்லாமல் நடுவில் உட்கார்ந்தால்தான் கரும்பலகை தெரிகிறது; ஜன்னல் பக்கம் வெளிச்சம் பட்டுப் பலகை பளபளக்கிறது. ஆனால் தானாகக் கேட்க மாட்டாள். புதிய ஆசிரியர் வந்தால் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். அவளை முன்னால் அழைத்து உட்கார வைக்க வேண்டும். கிட்டப்பார்வைக்கு எந்த லென்சு என்று கேட்டால் ‘குழிலென்சு’ என்று வகுப்பில் முதலில் சொல்பவள் அவள்தான். அவள் கண்ணுக்கு அது வந்து சேரும்வரை இந்த ஒரு உதவியையாவது நாம் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். கண்ணாடி எப்போது வரும் என்று தாங்கள் இன்றைய கூட்டத்தில் விசாரித்திருந்தால் எனக்கும் சொல்லுங்கள். அவள் தினமும் கேட்கிறாள்.

வெளியூரில் இருந்தாலும் கைபேசியில் கிடைப்பேன். வியாழன் காலை 8 மணியிலிருந்து நண்பகல் வரை மட்டும் அதை அணைத்து வைக்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் அவசரம் எதுவும் வந்தால் கணித ஆசிரியருக்கு எல்லா விவரமும் தெரியும். 24ஆம் தேதி, திங்கட்கிழமை, வழக்கம்போல் பள்ளியில் இருப்பேன். மருத்துவமனையில் தரும் சான்றையும் அன்று கொண்டுவருகிறேன்.

தங்கள் அனுமதி தெரியும் வரை விடுப்பு கிடைத்துவிட்டதாக நானாக வைத்துக்கொள்ள மாட்டேன். நாளைக் காலை வழக்கமான நேரத்துக்குப் பள்ளிக்கு வருகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
அறிவியல் ஆசிரியை,
வகுப்பாசிரியை, பத்தாம் வகுப்பு ‘ஆ’

இணைப்பு: தற்செயல் விடுப்பு விண்ணப்பம் ஒன்று; மருத்துவமனை கொடுத்த தேதிச் சீட்டின் நகல் ஒன்று; ஒளியியல் கணக்குத் தாளின் படி ஒன்று.

பி.கு.: சிகிச்சை முடிந்ததும் தாயாருக்குச் சில வாரங்கள் தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, குனியக் கூடாது. அதற்குச் சித்தியும் பக்கத்து வீட்டாரும் இருக்கிறார்கள். அதற்காக மேலும் விடுப்புக் கேட்க வேண்டியிராது.