தொடர்பு மாதிரிகள்: ஒரு வானொலி அறிவிப்பை வைத்து ஓர் ஒப்பீடு

இந்த இயலில் ஐந்து மாதிரிகள் வருகின்றன: லாஸ்வெல் (1948), ஷானன்–வீவர் (1948–49), ஆஸ்குட்–ஷ்ராம் (1954), வெஸ்ட்லி–மக்லீன் (1957), பெர்லோ (1960). படங்களைத் தனித்தனியே மனப்பாடம் செய்தால் ஐந்தும் ஒன்றுபோலவே தோன்றும். ஒரே செய்தியை ஐந்திலும் பொருத்திப் பார்த்தால் எது எதைக் கவனிக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பது பிடிபடும்.

எடுத்துக்காட்டு இதுதான். குழாய்ப் பராமரிப்புக்காக நாளை காலை 6 மணி முதல் மாலை 4 மணி வரை குடிநீர் வராது என்று குடிநீர் வாரியம் 120 சொற்களில் ஓர் அறிவிப்பை வானொலி நிலையத்துக்கு அனுப்புகிறது. செய்தி ஆசிரியர் அதை 30 சொற்களாகச் சுருக்குகிறார். இரவு 7 மணிச் செய்தியில் வாசிப்பாளர் அதை வாசிக்கிறார்.

அனுப்புநர் யார்?

‘யார், எதை, எந்தத் தடத்தில், யாருக்கு, என்ன விளைவோடு சொல்கிறார்’ என்பது லாஸ்வெல்லின் மாதிரி. இதில் ‘யார்’ என்ற கேள்விக்கு வானொலி நிலையம் என்று எழுதலாம். ஆனால் அந்தக் கேள்வியின் நோக்கம் பெயரைக் கண்டுபிடிப்பது அல்ல; நிலையம் யாருக்குச் சொந்தம், எதை ஒலிபரப்புவது என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பதை ஆராய்வது. அதனால்தான் இதைக் கட்டுப்பாட்டுப் பகுப்பாய்வு என்கிறோம்.

ஷானன்–வீவரில் தகவல் மூலமும் பரப்பியும் தனித்தனிப் பெட்டிகள். இங்கே வாசிப்பாளர்தான் மூலம்; ஒலிவாங்கியும் ஒலிபரப்புக் கருவியும் பரப்பி. இரண்டையும் ‘அனுப்புநர்’ என்று ஒன்றாக்கிவிட்டால், செய்தியைக் குறிப்பலையாக மாற்றும் குறியேற்றம் எங்கே நடக்கிறது என்று பிறகு சொல்லவே முடியாது.

வெகுசன ஊடகத்துக்கு உண்மையில் கைகொடுப்பது வெஸ்ட்லி–மக்லீன்தான். நிகழ்வுகள் X, ஒரு நோக்கத்தோடு பேசும் வாரியம் A, தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் நிலையம் C, கேட்பவர் B. வாரியம் சொன்னதை நிலையம் சொல்கிறது என்பது X → A → C → B. நிலையத்தின் செய்தியாளர் தாமே போய்க் குழாய் உடைந்திருப்பதைப் பார்த்து வந்தால், A இல்லாமலே X → C → B. முதல் வழியில் வருவது வாரியம் சொல்ல விரும்புவது. இரண்டாம் வழியில் வருவது நிலையம் கண்டது. எது போகலாம், எது நிற்கலாம் என்று இடையில் இருப்பவர் முடிவு செய்வதே வாயிற்காப்பு; அந்தக் கருத்தைப் படத்தில் காட்ட இதைவிடத் தெளிவான வழி இந்த இயலில் இல்லை.

ஆஸ்குட்–ஷ்ராமில் நிலையான அனுப்புநரே கிடையாது. இரு பக்கத்திலும் குறியேற்றுபவர், பொருள்கொள்பவர், குறியிறக்குபவர் என மூன்று வேலைகளையும் ஒருவரே செய்கிறார். பெர்லோ அனுப்புநரிடம் ஐந்து கூறுகளைப் பார்க்கிறார்: தொடர்புத் திறன், மனப்பான்மை, அறிவு, சமூக அமைப்பு, பண்பாடு. அதே ஐந்தும் பெறுநரிடமும் உண்டு.

செய்தியும் தடமும்

பெர்லோவின் ‘தடம்’ என்ற இடத்தில் வானொலி என்று எழுதுவதுதான் மிகப் பரவலான பிழை. அவரது படத்தில் தடம் என்பது பார்த்தல், கேட்டல், தொடுதல், முகர்தல், சுவைத்தல் ஆகிய புலன்கள். ஆகவே இங்கே விடை ‘கேட்டல்’. லாஸ்வெல்லுக்கு விடை வானொலி. ஷானனுக்குக் குறிப்பலை பயணிக்கும் அலைவரிசை.

செய்தியிலும் இதே எச்சரிக்கை தேவை. பொருள் என்ன என்பது பொறியியல் சிக்கலுக்குத் தொடர்பில்லாதது என்று ஷானனே எழுதியிருக்கிறார். பெர்லோ செய்தியைக் குறி, உள்ளடக்கம், கையாளும் முறை, உறுப்புகள், கட்டமைப்பு என்று பிரிக்கிறார். ‘இன்றிரவே தண்ணீர் பிடித்து வையுங்கள்’ என்பதை முதலில் சொல்வதா, கடைசியில் சொல்வதா என்பது கையாளும் முறை சார்ந்த முடிவு.

120 சொற்கள் 30 ஆனபோது பாதிக்கப்படும் பகுதிகளின் பெயர்கள் போய்விட்டன என்று வைத்துக்கொள்வோம். இதை இரைச்சல் என்று எழுதக் கூடாது. வெஸ்ட்லி–மக்லீன் படத்தில் இது தேர்வு: A-இடமிருந்து C-க்கு X′ ஆக வந்தது, C-இடமிருந்து B-க்கு X″ ஆகப் போகிறது.

இரைச்சல்

இரைச்சலைத் தனிப் பெட்டியாக வரைந்தது ஷானன்–வீவர் மட்டுமே. அது குறிப்பலையைத் தாக்குகிறது. ‘காலை’, ‘மாலை’ இரண்டுக்கும் முதல் எழுத்தில்தான் வேறுபாடு; அந்த நொடியில் கரகரப்பு வந்தால் ‘…லை 6 மணி முதல்’ என்றுதான் காதில் விழும். மருந்து, தேவைக்கு மேல் தகவல் தருவது, அதாவது மிகைமை. ‘காலை 6 முதல் மாலை 4 வரை, மொத்தம் 10 மணி நேரம்’ என்று வாசித்தால் கேட்பவரே விட்ட இடத்தை நிரப்பிக்கொள்வார்: மாலை 6 என்றால் 22 மணி நேரம் ஆகிவிடும். ஆனால் மிகைமை கூடக்கூட நேரமும் கூடும். 30 சொற்களில் எல்லாவற்றையும் இரண்டு முறை சொல்ல முடியாது.

‘மேடான பகுதிகளில் மறுநாளும் குறைந்த அழுத்தம்’ என்ற வரி துல்லியமாகக் காதில் விழுந்தும், தன் தெரு மேடா பள்ளமா என்று ஒருவருக்குத் தெரியாமல் போகலாம். இது பொருள்சார் இரைச்சல். இதற்கு ஷ்ராமின் அனுபவப் பரப்பு வேண்டும்: எழுதியவருடைய பரப்பும் கேட்பவருடைய பரப்பும் ஒன்றன்மேல் ஒன்று படியும் அளவுக்குத்தான் பொருள் கடக்கும். லாஸ்வெல்லில் இரைச்சலுக்கு இடமே இல்லை. பெர்லோவின் படத்திலும் இல்லை; அங்கே இருவருடைய திறனும் அறிவும் பொருந்தாததையே காரணமாகக் காட்ட வேண்டும்.

பின்னூட்டம்

ஷானன்–வீவர் படத்தில் திரும்பி வரும் அம்பு வரையாதீர்கள். அது பின்னாளில் தொடர்பியல் ஆய்வாளர் டிஃப்ளூர் சேர்த்தது. லாஸ்வெல்லின் ‘என்ன விளைவு’ என்பதும் பின்னூட்டம் ஆகாது. தண்ணீர் பிடித்து வைத்தால் அது விளைவு. பிடித்து வைத்ததாக நிலையத்துக்குத் தெரியவந்தால்தான் பின்னூட்டம். பெர்லோவின் நூலில் பின்னூட்டம் பேசப்படுகிறது, படத்தில் இல்லை.

ஆஸ்குட்–ஷ்ராம் வட்டம் நேர்ப்பேச்சுக்கும் தொலைபேசிக்கும் பொருந்தும். ஒரு நிலையமும் ஆயிரக்கணக்கான கேட்பவர்களும் மாறிமாறிப் பேச முடியாது என்பதால், வெகுசன ஊடகத்துக்கென ஷ்ராம் வேறு படம் வரைந்தார். அதில் பின்னூட்டம் பெரும்பாலும் ஊகித்தறிவது: சந்தாவை நிறுத்துவது, நிலையத்தை மாற்றுவது.

வெஸ்ட்லி–மக்லீன் மூன்று தனிப் பாதைகளைக் காட்டுகிறது. f என்பது பின்னூட்டம்; அடுத்த இரண்டு எழுத்துகள் யாரிடமிருந்து யாருக்கு என்பதைக் காட்டும். கேட்பவர் வாரியத்தை அழைத்தால் fBA. நிலையத்தை அழைத்து ‘எந்தெந்தப் பகுதி?’ என்று கேட்டால் fBC. அந்தக் கேள்விகளை நிலையம் வாரியத்துக்குச் சொன்னால் fCA. நடைமுறையில் அறுந்துபோவது கடைசிப் பாதைதான். அது அறுந்தால் நிலையம் அடுத்த செய்தியறிக்கையில் திருத்திக்கொள்ளும். வாரியத்தின் அடுத்த அறிவிப்போ அதே வடிவில்தான் வரும்.

இனி ஒரு சிக்கலான நிலை. ஒருவர் இந்த ஒலிபரப்பைக் கைபேசியில் பதிந்து வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்கிறார். அது மூன்று நாள் கழித்தும் சுற்றுகிறது. ஒலி துல்லியம், குறிப்பலையில் இரைச்சல் இல்லை. ஆனாலும் ‘நாளை’ என்ற சொல் தவறான நாளைக் காட்டுகிறது. ஷானன்–வீவரில் இந்தப் பிழைக்குப் பெட்டி கிடையாது. வெஸ்ட்லி–மக்லீனில் B இப்போது C ஆகிவிட்டார். அவரிடமிருந்து கேட்டவர்கள் சந்தேகத்தை அவரிடமே எழுப்புவார்கள், அது நிலையத்துக்கோ வாரியத்துக்கோ எட்டாது. இதைத் தடுக்க எளிய வழி, எழுதும்போதே ‘நாளை’யோடு தேதியையும் கிழமையையும் சேர்ப்பது.