வாடகை ரசீது படங்களை ஷீட்டில் ஏற்றுவது பற்றி நம் லைன் வீட்டுக்காரர்கள் அனைவருக்கும்

பெரம்பூர்
12.10.2025

அனைவருக்கும் வணக்கம்.

போன ஞாயிறு கூட்டத்தில் பேசியதை எழுத்தில் தரச் சொன்னீர்கள். கூட்டத்துக்கு வர முடியாதவர்களும் இருக்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். படிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள்.

எதற்கு இந்த வேலை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டில் K03 வீட்டுப் பாட்டிக்கு நான்கு மாத வாடகை பாக்கி என்று வக்கீல் நோட்டீஸ் வந்தது உங்களுக்குத் தெரியும். பாட்டி ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை, ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி வசூலுக்கு வருபவர் கையில் பணத்தைக் கொடுத்து ரசீது வாங்கி, அரிசி டின்னுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் பையில் போட்டு வைத்திருந்தார். நான்கில் மூன்று ரசீது கிடைத்தன. நான்காவதைக் கரையான் தின்றுவிட்டது. அந்த ஒரு தாளுக்காக அவர் இரண்டு வாரம் தூங்காமல் கிடந்ததை மாடியிலிருந்து நான் பார்த்தேன். இரண்டு மாத வாடகை பாக்கி நின்று, நோட்டீஸ் கொடுத்தும் கட்டாமல் இருந்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்ல இப்போதுள்ள சட்டத்தில் இடம் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம்தான் அது. ஆகவே ஒரு ரசீது போனால் போகட்டும் என்று விட்டுவிட முடியாது.

மழையும் வந்துகொண்டிருக்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் கீழ் வரிசை வீடுகளில் முழங்கால் தண்ணீர் நின்றபோது எத்தனை பேருடைய ரசீதுகள் கூழாகப் போயின என்று நான் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த வடகிழக்குப் பருவமழை முழுவீச்சில் இறங்குவதற்குள் இருக்கும் எல்லா ரசீதுக்கும் படம் எடுத்துவிட வேண்டும்.

படம் எடுப்பதிலிருந்து தொடங்குகிறேன். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கத்தில் வைத்து எடுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம், அது கார்பன் எழுத்தை அப்படியே வெளுக்கடித்துவிடும். ஒரு படத்தில் ஒரு ரசீதுதான் இருக்க வேண்டும். தாளின் நான்கு மூலையும் தெரிய வேண்டும், ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டியிருந்தால் அதுவும், அதன்மேல் போட்ட கையெழுத்தும் தெளிவாக விழ வேண்டும். பின்பக்கம் ஏதாவது எழுதியிருந்தால் அதற்குத் தனியாக ஒரு படம். எழுத்து மங்கியிருக்கிறதே என்று நீங்களாகப் பேனாவால் மேலே எழுதிவிடாதீர்கள், தயவுசெய்து. அப்படி ஒரு தாளைப் பார்த்தால் எதிர்த்தரப்பு அதைத் திருத்திய ரசீது என்றுதான் சொல்லும். லேமினேஷனும் செய்ய வேண்டாம், சூட்டில் சில தாள்கள் கறுத்துப்போகும்.

எடுத்த படத்தை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது சாதாரணப் படமாக அனுப்பாமல் Document என்பதைத் தொட்டு அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடுகிறது, அப்புறம் 4,300ஆ 4,800ஆ என்று நாங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். இது தெரியாதவர்கள் கவலைப்பட வேண்டாம், போனோடும் ரசீதுகளோடும் என் வீட்டுக்கு வந்தால் போதும். கூகுள் ஃபார்ம் ஒன்று போட்டு எல்லோரும் நேராக ஏற்றலாமே என்று M09 தங்கை சொன்னார், நல்ல யோசனைதான், ஆனால் ஃபார்மில் படம் ஏற்றக் கூகுள் கணக்கில் உள்ளே போயிருக்க வேண்டும், நம் லைனில் பாதிப் பேருக்கு அந்தப் பாஸ்வேர்டு யாரோ ஒரு பேரனுக்குத்தான் தெரியும். அதனால் இப்போதைக்கு வாட்ஸ்அப்.

இனி ஷீட். 26 வீட்டுக்கும் ஒரு குறியீடு கொடுத்திருக்கிறேன், கீழ் வரிசை K01 முதல் K14 வரை, மாடி M01 முதல் M12 வரை. உங்கள் கதவில் ஸ்டிக்கர் ஒட்டியாயிற்று. கதவு எண்ணையே போட்டால் என்ன என்று சிலர் கேட்டீர்கள். பழைய எண், புதிய எண் என்று ஒவ்வொரு ரசீதிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. அதைவிடப் பெரிய தொல்லை, 3/5 என்று அடித்தால் ஷீட் அதை ஒரு தேதியாக மாற்றிவிடுகிறது. பெயரையும் நம்ப முடியாது: இறந்து பத்து வருடமான தாத்தா பெயரிலேயே இன்றுவரை ரசீது வாங்குபவர்கள் நான்கு வீட்டில் இருக்கிறார்கள்.

ஒரு ரசீதுக்கு ஒரு வரி. அந்த வரியில் வரிசை எண், வீட்டுக் குறியீடு, எந்த ஆண்டு, எந்த மாத வாடகை, ரசீதில் போட்ட தேதி, ரசீது எண், தொகை, கொடுத்த விதம், படத்தின் பெயர், குறிப்பு, சரிபார்த்தவர் என்று வரிசையாக இருக்கும். இதில் எல்லோரும் குழம்பும் இடம் ஒன்றுதான்: எந்த மாத வாடகை என்பதும் ரசீது தேதியும் வேறு வேறு. ஏப்ரல் வாடகையை மே 5இல் கொடுத்தால் மாதம் 4, தேதி 05/05. ரசீதில் மாதம் எழுதாமல் வெறும் தேதி மட்டும் இருந்தால் நாங்களாக ஊகித்து எழுத மாட்டோம். மாதக் கட்டம் காலியாக இருக்கும், குறிப்பில் 'மாதம் எழுதப்படவில்லை' என்று வரும். தண்ணீர், கரண்ட் பணம் சேர்த்து எழுதியிருந்தால் ரசீதில் உள்ள மொத்தத் தொகையை அப்படியே போட்டுப் பிரிவைக் குறிப்பில் எழுதுவோம். ரசீதில் தப்பு இருந்தாலும் தப்பாகவே ஏற்றுவோம். ஷீட்டில் இருப்பதும் படத்தில் இருப்பதும் ஒன்றாக இருந்தால்தான் நாளைக்கு அதற்கு மதிப்பு.

படத்தின் பெயர் K03_2025_04.jpg என்ற மாதிரி இருக்கும். ஒரே மாதத்துக்கு இரண்டு தவணையாகக் கொடுத்திருந்தால் கடைசியில் _1, _2 என்று வரும். பெயர் மாற்றுவது எங்கள் வேலை, நீங்கள் தொட வேண்டாம்.

ஒரே ரசீதை இருவர், அதாவது அம்மாவும் மகனும், தனித்தனியாக அனுப்பி இரண்டு தடவை ஏறிவிடும் வாய்ப்பு அதிகம். அதைப் பிடிக்கக் கடைசிக் கட்டத்தில் இந்தச் சூத்திரம் இருக்கிறது:

```
=IF(F2="","",COUNTIFS(B:B,B2,F:F,F2))
```

B வீட்டுக் குறியீடு, F ரசீது எண். விடை 2 அல்லது அதற்கு மேல் வந்தால் அந்த இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ரசீது எண்ணே இல்லாத சின்னத் துண்டுச் சீட்டுகளுக்கு இது உதவாது, அவற்றைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

ஏற்றும்போது ஒருவர் படத்தைப் பார்த்து உரக்கப் படிப்பார், இன்னொருவர் அடிப்பார். மூன்றாவது ஆள் வேறொரு நாளில் படத்தையும் வரியையும் ஒப்பிட்டுத் தன் குறியீட்டைப் போடுவார். அவரவர் வீட்டு ரசீதை அவரவர் ஏற்றக் கூடாது, என் வீடு உட்பட. M06 ரசீதுகளைப் பொருளாளர் ஏற்றுவார். தப்பு கண்டுபிடித்தால் தொகையைத் திருத்திவிட்டுப் பழைய தொகை என்ன, யார் மாற்றினார், எந்தத் தேதி என்று குறிப்பில் எழுத வேண்டும். வரியை அழிப்பது கிடையாது.

கூட்டத்தில் ரொம்ப நேரம் போன விஷயம், என் வாடகை அடுத்த வீட்டுக்குத் தெரியலாமா என்பது. அந்தக் கவலை எனக்குப் புரிகிறது, ஒரே அளவு வீட்டுக்கு ஒருவர் 3,500 கொடுக்க இன்னொருவர் 6,000 கொடுக்கிறார், அதை வைத்து மனக்கசப்பு வரக்கூடாது. தொகைக் கட்டத்தை மறைத்து வைத்தால் போதும் என்று ஒரு யோசனை வந்தது. போதாது, பார்க்க அனுமதி உள்ளவர் நகல் எடுத்தால் மறைத்ததை மறுபடி திறந்துவிடலாம். ஆகவே இரண்டு ஷீட். தொகையும் படமும் உள்ள முழு ஷீட்டை நான், பொருளாளர், M09 தங்கை மூவர் மட்டும் திறக்க முடியும். எல்லோருக்கும் லிங்க் வரும் பொது ஷீட்டில் வீட்டுக் குறியீடு, மாதம், 'இருக்கிறது', 'ரசீது தரவில்லை', 'தொலைந்தது', 'இன்னும் அனுப்பவில்லை' என்பதில் ஏதாவது ஒன்று, அவ்வளவுதான். உங்கள் வீட்டு வரிகள் முழுவதும் வேண்டுமானால் அச்செடுத்துத் தருகிறேன், கேட்டாலே போதும். ரசீதோடு ஆதார் அட்டையையும் சேர்த்து யாரும் அனுப்ப வேண்டாம், எங்களுக்கு அது தேவையே இல்லை.

'ரசீது தரவில்லை' என்பதையும் 'தொலைந்தது' என்பதையும் பிரித்து வைப்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பணம் வாங்கிக்கொண்டு, புத்தகம் தீர்ந்துபோச்சு அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன் என்று சொல்லிப் போன மாதங்கள் இந்த வருடத்தில் மட்டும் பல வீடுகளில் இருக்கின்றன. எந்த மாதம், எத்தனை வீடு என்று ஒரே இடத்தில் தெரிந்தால்தான் 26 வீடும் சேர்ந்து எழுத்தில் கேட்க முடியும். கொடுத்த பணத்துக்கு ரசீது கேட்பது நம் உரிமை, இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

போனில் பணம் அனுப்புகிறவர்கள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள், UPI transaction ID என்று இருக்கும் 12 இலக்க எண் அதில் விழ வேண்டும். அந்த எண்ணை ரசீது எண் கட்டத்தில் போட்டு, கொடுத்த விதம் 'போன்' என்று எழுதுவோம். பணம் அனுப்பும்போதே 'செப்டம்பர் வாடகை' என்று குறிப்பு போட்டு அனுப்பும் பழக்கத்தை இந்த மாதத்திலிருந்து எல்லோரும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். படம் ஏற்றியாயிற்றே என்று மூல ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வழக்கு என்று வந்தால் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். ஷீட் என்பது எது எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடிக்கவும், ஒரு தாள் அழிந்தால் கையில் படமாவது இருக்கவும். ஆளுக்கொரு ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை சங்கச் செலவில் வாங்கியிருக்கிறோம். ஆண்டு வாரியாக அடுக்கி, தரையில் வைக்காமல் பரண் மேலோ பீரோ மேல்தட்டிலோ வையுங்கள்.

20ஆம் தேதி தீபாவளி. அதற்குள் 2023 ஜனவரியிலிருந்து இந்த மாதம் வரை உள்ள ரசீதுகளின் படங்களை அனுப்பிவிடுங்கள், அதற்கு முந்தையவற்றை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். 25, 26 சனி ஞாயிறு இரண்டு நாளும் காலை 10 மணியிலிருந்து என் வீட்டில் ஏற்றும் வேலை நடக்கும். அடிக்கத் தெரிந்த பிள்ளைகள் இரண்டு பேராவது வேண்டும், மதியச் சாப்பாடு நம் வீட்டில்.

ரசீது ஒன்றுகூட இல்லை, அதனால் வரவில்லை என்று K11 அக்கா சொல்லி அனுப்பினார். அவர் கட்டாயம் வர வேண்டும். வங்கிப் பாஸ்புக், வாடகை கொடுத்ததைக் குறித்து வைத்த காலண்டர் தாள், எது இருந்தாலும் கொண்டு வரட்டும், 'ரசீது இல்லை' என்று தேதியோடு ஒரு வரி எழுதி வைப்போம்.

அன்புடன்,
செயலாளர் (M06)
வாடகைக் குடியிருப்போர் சங்கம்