தங்கை வரவேற்புக்கான விருந்தினர் அட்டவணை: அமைக்கும் முறை

நம் அழைப்பிதழில் ‘சுற்றம் சூழ வருக’ என்றுதான் அச்சிடுகிறோம். எத்தனை பேர் என்று எவரும் குறிப்பதில்லை. அண்ணன் திருமணத்தின்போது நோட்டுப் புத்தகத்தில் ‘குடும்பத்துடன்’ என்று எழுதிவைத்திருந்த இடங்களில்தான் கணக்குப் பிசகி, கடைசிப் பந்திக்குச் சாம்பார் போதாமல் போயிற்று. ஆகவே இம்முறை உடன் வருவோரின் எண்ணிக்கையையே மையமாக வைத்து, கூகுள் ஷீட்ஸில் ஓர் அட்டவணை அமைத்துக்கொள்வோம். திருச்சி மண்டபத்தில் பத்துப் பேர் அமரும் வட்ட மேசைகள் 24 இருக்கின்றன. அதாவது 240 இருக்கைகள்.

முதல் தாளுக்கு ‘விருந்தினர்’ என்று பெயரிட்டு, A முதல் I வரை முறையே பெயர், தொலைபேசி, பதில், உடன் வருவோர், மொத்தம், சைவம், அசைவம், மேசை, குறிப்பு எனத் தலைப்பிடுங்கள். ஓர் அழைப்புக்கு ஒரு வரி. பதில் நிரலைத் தேர்ந்து, Data → Data validation வழியாக ‘ஆம்’, ‘இல்லை’, ‘காத்திருப்பு’ ஆகிய மூன்றை மட்டும் பட்டியலாகக் கொடுங்கள். யாரேனும் ‘வருகிறோம்’ என்று தட்டச்சு செய்துவிட்டால், அந்தக் குடும்பம் கணக்கிலேயே வராது. ‘பார்க்கலாம்’, ‘முயற்சி செய்கிறோம்’ என்போரைக் காத்திருப்பில் வைத்து, மறுபடியும் தொலைபேசியில் கேளுங்கள்.

D நிரலில் எண் மட்டுமே இருக்க வேண்டும். ‘3 பேர்’ என்று எழுதினால் சூத்திரம் பிழை காட்டும். E2, J2 கட்டங்களில் பின்வருவனவற்றை முறையே இட்டு, 200ஆம் வரி வரை கீழே இழுத்துவிடுங்கள்.

```
=IF(C2="ஆம்",1+D2,0)
=IF(E2=F2+G2,"","சரிபார்")
```

ஒரே வீட்டில் மாமா அசைவம், அத்தை சைவம் என்றிருப்பது வழக்கம் என்பதால், உணவை வரிக்கு ஒரு சொல்லாக எழுதாமல் தலைக்கணக்காகப் பிரித்திருக்கிறேன். பெரிய மாமா தம் வீட்டார் மூவருடன் வந்தால் D-இல் 3, E-இல் 4. சைவம் 1, அசைவம் 3 என்று நிரப்பியதும் ‘சரிபார்’ மறைந்துவிடும். வெங்காயம், பூண்டு சேர்க்காத உணவு, நிலக்கடலை ஒவ்வாமை போன்றவற்றை ‘2 பேர்’ என்ற எண்ணிக்கையோடு குறிப்பில் எழுதுங்கள்; ஒவ்வாமை உள்ள வரிக்குச் சிவப்பு நிறம் கொடுத்துவிடுங்கள், அது சுவை சார்ந்ததன்று, உயிர் சார்ந்தது.

‘மேசை’ என்ற இரண்டாம் தாளில் A2 முதல் 1 தொடங்கி 24 வரை எண்களை இட்டு, B2, C2 கட்டங்களில் இவற்றை எழுதி இழுங்கள்.

```
=SUMIF('விருந்தினர்'!H:H,A2,'விருந்தினர்'!E:E)
=10-B2
```

C-இல் எதிர்மறை எண் வந்தால் அந்த மேசையில் இருக்கைகளைவிட ஆட்கள் அதிகமாகிவிட்டார்கள் என்று பொருள். பன்னிரண்டு பேர் வரும் குடும்பத்தை இரண்டு வரிகளாகப் பிரித்து, அடுத்தடுத்த மேசைகளில் அமர்த்துங்கள். இரண்டாம் வரியில் முதல் ஆளுக்குச் சூத்திரமே ஒன்றைக் கூட்டுவதால், அங்கே ஒருவர் குறைவாக எழுத வேண்டும்.

சமையற்காரருக்கான எண்ணிக்கை ‘விருந்தினர்’ தாளில் L1 முதல் L4 வரை, வருவோர், சைவம், அசைவம், இன்னும் பதிலளிக்காதோர் என்ற வரிசையில் நிற்கும்.

```
=SUM(E2:E200)
=SUMIF(C2:C200,"ஆம்",F2:F200)
=SUMIF(C2:C200,"ஆம்",G2:G200)
=COUNTIF(C2:C200,"காத்திருப்பு")
```

திருத்தும் உரிமை அண்ணி, சித்தப்பா, நான் ஆகிய மூவருக்கு மட்டும், மற்றவர்கள் பார்க்கலாம். புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு L1 முதல் L3 வரை உள்ள எண்களைச் சமையற்காரரிடம் சொல்லிவிடுவோம்.