பஸ்கா இரவு: செடர் விருந்து படிப்படியாக
(ஆறாம் வகுப்பு, உலகச் சமயங்கள் பாடம். வாசிப்பும் அட்டை அடுக்கும் செயல்பாடும்)

நிசான் மாதம் 15ஆம் நாள். யூத நாள்காட்டியில் சூரியன் மறைந்ததும் புதிய நாள் பிறந்துவிடும். அதனால் பஸ்கா பண்டிகை இரவில்தான் தொடங்குகிறது. ஒரு யூத வீட்டு மேசையைச் சுற்றித் தாத்தா, பாட்டி, பெற்றோர், பிள்ளைகள் எல்லாரும் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் கையில் ஹகாதா என்ற புத்தகம். இன்றிரவு எதற்குப் பின் எது என்பதை அதுதான் சொல்லும். அந்த ஒழுங்குமுறைக்குத்தான் செடர் என்று பெயர்.

முன்னொரு காலத்தில் யூதர்களின் முன்னோரான இஸ்ரவேலர் எகிப்தில் பார்வோன் என்ற மன்னனுக்கு அடிமைகளாக இருந்தார்கள். கடவுள் மோசேயை அனுப்பினார். பார்வோன் மக்களை விட மறுத்தான். எகிப்தின்மேல் பத்து வாதைகள், அதாவது பெருந்துன்பங்கள், வந்தன. இறுதியில் மக்கள் விடுதலை பெற்றார்கள் என்று யாத்திராகமம் என்ற வேதநூல் சொல்கிறது. மாவு புளிக்கும்வரை காத்திருக்க நேரமில்லாமல் அவசரமாகக் கிளம்பினார்கள். அதன் நினைவாகவே இன்று மேசையில் மூன்று மட்சாக்கள், அதாவது புளிப்பில்லாத அப்பங்கள், இருக்கின்றன. மாவில் தண்ணீர் பட்ட 18 நிமிடங்களுக்குள் மட்சாவைச் சுட்டுவிட வேண்டும். நம் பாடவேளையில் பாதி நேரம்கூட இல்லை!

நடுவில் செடர் தட்டு. அதில் சுட்ட எலும்பு, சுட்ட முட்டை, பச்சை இலை, கசப்புக் கீரை ஆகியவற்றோடு ஹரோசெத் என்ற இனிப்புக் கலவையும் இருக்கும். ஐரோப்பிய வழி வந்த குடும்பங்கள் அதை ஆப்பிளும் கொட்டைப் பருப்பும் சேர்த்துச் செய்வார்கள். ஈராக்கிலிருந்து வந்தவர்கள் பேரீச்சம்பழப் பாகில் செய்வார்கள். அடிமைகள் பிசைந்த செங்கல் சாந்தை அது நினைவூட்டுகிறது.

முதல் கிண்ணத் திராட்சை ரசத்தின்மேல் ஆசி கூறி அருந்துகிறார்கள் (பிள்ளைகளுக்குத் திராட்சைச் சாறு). பிறகு ஆசி கூறாமல் கை கழுவுகிறார்கள். பச்சை இலையை உப்புத் தண்ணீரில் தோய்த்துச் சாப்பிடுகிறார்கள். அந்த உப்பு அடிமைகளின் கண்ணீர். அடுத்து நடு மட்சாவை இரண்டாக உடைத்து, பெரிய துண்டை ஒளித்து வைக்கிறார்கள். அதுதான் அஃபிகோமன்.

இனி வருவது இந்த இரவின் உயிர்நாடி. மேசையில் உள்ள மிகச் சிறிய பிள்ளை, "மற்ற எல்லா இரவுகளையும்விட இந்த இரவு ஏன் வேறுபட்டிருக்கிறது?" என்று கேட்கிறது. பெரியவர்கள் விடுதலைக் கதையைச் சொல்கிறார்கள். நன்றாகக் கவனியுங்கள்: பிள்ளையின் கேள்விதான் கதையைத் தொடங்கிவைக்கிறது. இலையைத் தோய்ப்பது, அப்பத்தை உடைத்து ஒளிப்பது போன்ற விநோதங்களே பிள்ளைகளைக் கேட்கத் தூண்டுவதற்காகத்தான் என்று யூத அறிஞர்கள் சொல்வதுண்டு. பத்து வாதைகளின் பெயர்களைச் சொல்லும்போது, ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி ரசத்தைக் கிண்ணத்திலிருந்து எடுத்துவிடுகிறார்கள். எகிப்தியரும் துன்பப்பட்டார்கள், அதனால் நம் மகிழ்ச்சிக் கிண்ணம் முழுதாக இருக்கக் கூடாது என்று பலர் இதற்கு விளக்கம் தருகிறார்கள். கதை முடிந்ததும் இரண்டாம் கிண்ணம்.

மறுபடி கை கழுவுகிறார்கள். இம்முறை ஆசி உண்டு. மட்சா, ஹரோசெத்தில் தோய்த்த கசப்புக் கீரை, இரண்டையும் சேர்த்து ஒரு வாய், அதன்பின் விருந்து. வயிறு நிறைந்ததும் பிள்ளைகள் அஃபிகோமனைத் தேடி எடுத்துக் கொடுத்துப் பரிசு வாங்குகிறார்கள். அதை எல்லாரும் பகிர்ந்து உண்ட பிறகு எந்த உணவும் கிடையாது. உணவுக்கு நன்றி கூறி மூன்றாம் கிண்ணம் அருந்துகிறார்கள். எலியா தீர்க்கதரிசிக்காக வாசற்கதவைத் திறக்கிறார்கள். புகழ்ச்சிப் பாடல்களோடு நான்காம் கிண்ணம். "அடுத்த ஆண்டு எருசலேமில்!" என்ற வாழ்த்தோடு செடர் நிறைவடைகிறது.

அட்டைச் செயல்பாடு

நால்வர் ஒரு குழு. இது ஒரு மக்களின் வழிபாடு. ஆகவே நடித்துக் காட்ட வேண்டாம், அட்டைகளாலேயே அறிந்துகொள்வோம். கீழுள்ள பத்தையும் தனித்தனி அட்டையில் எழுதிக் கலைத்து, பாடத்தைப் பார்க்காமல் வரிசைப்படுத்துங்கள். 10 நிமிடம்.

அ. ஒளித்த மட்சாவைப் பிள்ளைகள் கண்டுபிடிக்கிறார்கள்.
ஆ. ஆசி கூறிக் கை கழுவுகிறார்கள்.
இ. பச்சை இலை உப்புத் தண்ணீரில் தோய்கிறது.
ஈ. எலியாவுக்காகக் கதவு திறக்கிறது.
உ. சிறிய பிள்ளை கேள்வி கேட்கிறது.
ஊ. முதல் கிண்ணத்தின்மேல் ஆசி.
எ. நடு மட்சா உடைகிறது.
ஏ. ஆசி இல்லாமல் கை கழுவுகிறார்கள்.
ஐ. குடும்பமாக விருந்து உண்கிறார்கள்.
ஒ. வாதைக்கு ஒரு துளி எடுக்கிறார்கள்.

அடுக்கிய பிறகு, கை கழுவும் அட்டைகள் இரண்டையும் எப்படிப் பிரித்தறிந்தீர்கள் என்று பக்கத்துக் குழுவுக்கு விளக்குங்கள். மட்சாவை உடைக்கும் அட்டை ஏன் கேள்வி அட்டைக்கு முன்னால் வருகிறது? இரண்டு வரிகளில் எழுதுங்கள்.

விடை: ஊ, ஏ, இ, எ, உ, ஒ, ஆ, ஐ, அ, ஈ.