போர்வெல் மோட்டார் கையேடு, தமிழாக்கம்: மாதிரி, விலை, நாள்

வணக்கங்க ஐயா,

உங்கள் போர்வெல் சப்மெர்சிபிள் மோட்டாருக்கான பயனர் கையேட்டைத் தமிழில் கொண்டுவர ஆள் வேண்டும் என்ற அறிவிப்பைப் பார்த்தேன். அதில் இணைத்திருந்த 8 பக்கங்களையும் முழுதாகப் படித்துவிட்டே எழுதுகிறேன். ஆங்கிலத்தில் 1,450 சொற்கள் வருகின்றன. சொல்லுக்கு 1.50 ரூபாய் வீதம் மொத்தம் 2,175 ரூபாய். கணக்கு ஆங்கிலச் சொற்களுக்குத்தான். தமிழில் கூடினாலும் குறைந்தாலும் தொகை மாறாது. திங்கள் காலை சரி என்றால் வியாழன் மாலை முழுக் கையேடும் வந்துவிடும்.

4-ஆம் பக்கத்தின் ஒரு பகுதியை மாதிரிக்குச் செய்திருக்கிறேன். இதற்குக் கட்டணம் இல்லை.

"மோட்டாரைப் போருக்குள் இறக்கும் முன் நிரப்பு மூடியைக் கழற்றி, உள்ளே சுத்தமான தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். காற்றுக் குமிழி வருவது நின்றதும் மூடியை இறுக்குங்கள்.

கேபிளைப் பிடித்து மோட்டாரைத் தூக்கவோ இறக்கவோ கூடாது. கேபிள் இழுபட்டால் ஜாயின்ட் விட்டுப்போய் உள்ளே தண்ணீர் இறங்கும்.

தண்ணீர் இல்லாமல் மோட்டாரை ஒரு நொடிகூட ஓட்டாதீர்கள். பேரிங் தேயாமல் காப்பது தண்ணீர்தான். அது இல்லாவிட்டால் பேரிங் கெட்டு மோட்டார் இறுகிவிடும்.

புதிதாகப் பொருத்தி ஓட்டும்போது தண்ணீர் குறைவாக வந்தால், மோட்டார் எதிர்த் திசையில் சுற்றுகிறதா என்று பாருங்கள். அப்படியானால் மெயினை அணைத்துவிட்டு, மூன்று ஃபேஸ் ஒயர்களில் ஏதாவது இரண்டை இடம் மாற்றிப் பொருத்துங்கள்."

இதைப் படிக்கப் போகிறவர் தோட்டத்துக்காரரும் மோட்டார் இறக்கும் மெக்கானிக்கும்தான். அதனால் ஸ்டார்ட்டர், கேபிள், பேனல் போர்டு, ரிலே எல்லாம் அப்படியே இருக்கும். கடையில் கேட்டால் அந்தப் பெயருக்குத்தான் பொருள் கிடைக்கும். செய்ய வேண்டியதையும் செய்யக் கூடாததையும் எளிய தமிழில், ஒரு வாக்கியத்துக்கு ஒரு வேலையாகப் பிரிப்பேன். கையேடு திருநெல்வேலிக்கும் தஞ்சாவூருக்கும் போகும் என்பதால் நம் கொங்குப் பக்கம் மட்டும் புழங்கும் சொற்களைத் தவிர்ப்பேன். ஒரு பாகத்துக்கு முதல் பக்கத்தில் வைத்த பெயரே கடைசிப் பக்கம் வரைக்கும் வரும். அந்தப் பெயர்ப் பட்டியலைத் தனியாகவும் தருகிறேன், அடுத்த மாடலின் கையேட்டுக்கும் உதவும்.

மூலத்தில் இரண்டு இடங்களை நீங்கள் பார்க்க வேண்டும். 3-ஆம் பக்க அட்டவணையில் 5 ஹெச்.பி. என்றிருக்கும் அதே மாடல், 7-ஆம் பக்க ஒயரிங் படத்துக்குக் கீழே 7.5 ஹெச்.பி. என்று இருக்கிறது. அதை நம்பி ஓவர்லோட் ரிலேயைக் கூட்டி வைத்தால், மோட்டார் சூடேறினாலும் ரிலே விழாது, காயில் கருகும். அடுத்தது வாரண்டி: 1-ஆம் பக்கத்தில் பில் தேதியிலிருந்து 12 மாதம், 8-ஆம் பக்கத்தில் கம்பெனியிலிருந்து அனுப்பிய தேதியிலிருந்து 18 மாதம். இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதுவரை என்பதுதான் கருத்து என்றால், அந்த வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். உங்கள் பதில் வராமல் இந்த இரண்டையும் நானாக மாற்ற மாட்டேன்.

அச்சைப் பற்றியும் இப்போதே பேசிவிடுவது நல்லது. நான் தருவது யூனிகோடில் தட்டிய வேர்டு கோப்பு. உங்கள் அச்சகத்தில் பேஜ்மேக்கர் வைத்திருந்தால் அதில் யூனிகோடு தமிழ் சரியாக வராது. அவர்களின் எழுத்துருவின் பெயரைச் சொன்னால் அதற்கு மாற்றித் தருகிறேன். இன்டிசைன் என்றால் பத்தி அமைப்பில் 'World-Ready Paragraph Composer' தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கொம்பு எழுத்தை விட்டு விலகி நிற்கும். எதுவானாலும் அச்சுக்குப் போகும் முன் பிடிஎஃப்பை எனக்கு ஒருமுறை அனுப்புங்கள், உடைந்த எழுத்துகளைக் குறித்துத் தருகிறேன். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. 7-ஆம் பக்கப் படத்தில் பெட்டிகள் சிறியவை. அங்கே பாகங்களுக்கு எண் கொடுத்து, தமிழ்ப் பெயர்களைப் படத்துக்குக் கீழே வைத்தால் எழுத்தைச் சுருக்க வேண்டியிருக்காது.

கட்டணம் வாங்கிச் செய்யும் மொழிபெயர்ப்பில் எனக்கு இதுதான் முதல் வேலை. ஆகவே மேலே உள்ள மாதிரியை உங்கள் சர்வீஸ் மெக்கானிக் ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, அவர் சொல்வதை வைத்து முடிவெடுங்கள். முன்பணம் வேண்டாம். செவ்வாய் மாலை முதல் 4 பக்கங்களை அனுப்புகிறேன். அது சரி என்றால் பாதித் தொகை, முழுதும் முடிந்ததும் மீதி, இரண்டும் யூபிஐ வழியாக. கடைசிக் கோப்பு வந்த 7 நாளுக்குள் நீங்கள் சொல்லும் திருத்தங்களை அதே தொகைக்குள் ஒருமுறை செய்து தருவேன். மூலத்தில் புதிதாகப் பத்திகள் சேர்த்தால் அவற்றுக்கு மட்டும் இதே வீதத்தில் கணக்கு.

குதிரைத்திறன், வாரண்டி, அச்சகம் என்ன மென்பொருள் வைத்திருக்கிறது என்ற மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டால் திங்கள் காலையே தொடங்கிவிடுகிறேனுங்க.

நன்றி,
கவிதா
கோபிசெட்டிபாளையம்