அப்பாவின் உணவு அட்டவணை: அண்ணிக்கு ஒரு விளக்கக் கடிதம்

அன்புள்ள அண்ணிக்கு,

அட்டவணையின் படம் கிடைத்தது. நீங்கள் அனுப்பிய மூன்றில் கடைசிப் படம்தான் தெளிவு. முதல் இரண்டிலும் ஜன்னல் வெளிச்சம் விழுந்து மதிய வரியே வெள்ளையாகிவிட்டது.

நேற்று போனில் அவசரமாகப் பேசிவிட்டேன். இப்போது நிதானமாக ஒவ்வொரு வரியாக எழுதுகிறேன். படித்துவிட்டு அடுக்களைச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். தாளில் அச்சடித்திருப்பது ஆங்கிலமும் சுருக்கெழுத்துமாக இருக்கிறது. எங்கள் மருத்துவமனையின் உணவுப் பிரிவில் பதினோரு வருடமாக இதே மாதிரித் தாள்களைப் பார்த்துப் பழகியதால் எனக்குப் புரிகிறது. சமைக்கிறவருக்குப் புரியாத தாளைக் கொடுத்து அனுப்புவதுதான் எங்கள் தொழிலின் பெரிய குறை.

முதலில் நேற்றைய விஷயம். தராசில் நிறுத்து 60 கிராம் சோறு போட்டேன், நாலு மணிக்கு அப்பாவுக்குக் கை நடுங்கி வேர்த்துவிட்டது என்று சொன்னீர்கள். அந்த வரியின் ஓரத்தில் 'ஆர்' என்று வட்டத்துக்குள் ஓர் ஆங்கில எழுத்து இருக்கிறது, பாருங்கள். பச்சையாக, அதாவது வேகவைக்கும் முன் நிறுத்த எடை என்று அதற்குப் பொருள். 60 கிராம் அரிசி வெந்தால் ஏறக்குறைய இரண்டரை மடங்கு, மூன்று மடங்கு ஆகும். தட்டில் 150 முதல் 180 கிராம் சோறு விழ வேண்டும். நீங்கள் போட்டது அதில் பாதிகூட இல்லை. காலையில் சர்க்கரை மாத்திரை போட்டவருக்கு அது எப்படிப் போதும்? தப்பு உங்கள் மேல் இல்லை, அந்தப் பொடி எழுத்தின் மேல்.

இனி ஒரே ஒரு முறை தராசைப் பயன்படுத்துங்கள். 60 கிராம் அரிசியை நிறுத்து, தனியாக வடித்து, அந்தச் சோற்றை அப்பா வழக்கமாகச் சாப்பிடும் கிண்ணத்தில் போட்டுப் பாருங்கள். எந்த மட்டத்தில் நிற்கிறதோ அந்த இடத்தில் வெளிப்புறம் நகப்பூச்சால் ஒரு கோடு. அதற்குப் பிறகு தினமும் கோடுதான் கணக்கு. தாளின் அடியில் 1 கப் என்றால் 200 மி.லி. என்று எழுதியிருக்கிறது. கடையில் விற்கும் அளவுக் கோப்பை பெரும்பாலும் 240 மி.லி. பிடிக்கும், அதை நம்பாதீர்கள். நம் வீட்டு எவர்சில்வர் டம்ளர்களும் ஒன்று போல் இல்லை. அம்மா கல்யாணத்துக்கு வந்த பெரிய டம்ளரில் காபி குடித்துவிட்டு 'ஒரு டம்ளர்தான் குடித்தேன்' என்பார் அப்பா. இருமல் மருந்து மூடியில் 5, 10 என்று கோடு இருக்கும் அல்லவா, அதைக் கொண்டே ஒரு டம்ளரை அளந்து வைத்துக்கொள்ளலாம்.

இப்போது நேரங்கள். காலை 6.30க்கு 150 மி.லி. பால், சர்க்கரை இல்லாமல். காபியாகவும் கொடுக்கலாம், டிகாக்‌ஷன் அந்த 150க்குள் அடக்கம். வெல்லமோ தேனோ கருப்பட்டியோ சேர்த்தால் சர்க்கரை சேர்த்ததாகத்தான் அர்த்தம். கருப்பட்டி நல்லது என்று பெரியத்தை சொல்வதைக் கேட்காதீர்கள்.

8 மணிக்கு இட்லி 3, அல்லது நடுத்தரத் தோசை 2, அல்லது உப்புமா 1 கப். இவற்றுக்கு இடையில் 'அல்லது' என்றுதான் இருக்கிறது. மூன்று இட்லிக்குப் பிறகு 'ஒரு முறுகல் தோசை மட்டும்' என்பது அட்டவணையில் கிடையாது. சாம்பார் அரை கப், அடியில் தங்கும் பருப்போடு சேர்த்து. வெறும் தெளிவாக ஊற்றினால் புரதம் கிடைக்காது. தேங்காய்ச் சட்னி 2 தேக்கரண்டி என்பது ஒரு குழிக்கரண்டி இல்லை, தேக்கரண்டி என்றால் 5 மி.லி.

மாத்திரை நேரம் அட்டவணையில் எழுதப்படவில்லை, ஆனால் அதைச் சேர்த்துத்தான் இந்த நேரங்களைப் போட்டிருக்கிறார்கள். கிளிமிப்ரைடு காலைச் சாப்பாட்டை ஒட்டிப் போடுவது. மாத்திரை போட்டால் தட்டு எதிரில் இருக்க வேண்டும். மெட்ஃபார்மின் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்டவுடன். அமாவாசை அன்று இதுதான் ஆபத்து. தர்ப்பணம் முடித்து, காகத்துக்கு வைத்து, அப்பா இலையில் உட்காரும்போது ஒரு மணி ஆகிவிடுகிறது. எட்டு மணிக்கு வழக்கம்போல் மாத்திரையும் போட்டுவிட்டால்? அமாவாசைக்கு மாத்திரையை எப்படி மாற்றுவது என்று டாக்டரிடம் கேட்டு, அவர் சொல்வதைக் காலண்டரிலேயே எழுதி வையுங்கள். அது நம் இஷ்டத்துக்கு முடிவு செய்யும் காரியம் இல்லை.

10.30க்கு மோர் 1 கப் அல்லது பழம் 100 கிராம். கொய்யா என்றால் நடுத்தரமாக ஒன்று, பப்பாளி என்றால் நான்கைந்து துண்டு. அப்பாவுக்குப் பல்செட் என்பதால் கொய்யாவை விதை நீக்கி மெல்லிசாக நறுக்குங்கள். பழச்சாறாக அடித்துக் கொடுக்க வேண்டாம், நாரும் போய் சர்க்கரையும் சட்டென்று ஏறும். இந்த வேளையை விடக்கூடாது. விட்டால் மதியம் 'பசி, இன்னும் கொஞ்சம்' என்று தட்டு நீளும்.

12.45 மதியச் சாப்பாடு. சோற்றைப் பற்றிச் சொல்லிவிட்டேன். பருப்பு 20 கிராம், அதுவும் பச்சை எடை. காய் 150 கிராம். இதில்தான் நம் வீட்டில் மாற்றம் தேவை. நம் தட்டில் சோறு மலையாகவும் பொரியல் ஓரத்தில் ஒரு பிடியாகவும் இருக்கும். தாளில் காய் இரண்டு விதம், ஒன்று கீரை. கூட்டாகச் செய்தால் மெல்லச் சிரமம் இருக்காது. உருளை, சேனை, மரவள்ளி இவற்றுக்கு எதிரில் நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். காய்க் கணக்கில் சேராது, சோற்றின் கணக்கில்தான் சேரும் என்று அர்த்தம். என்றைக்காவது உருளைப் பொரியல் செய்தால் சோற்றைக் குறையுங்கள். தயிர் அரை கப், ஆடை எடுத்தது.

முட்டை 1, வாரத்தில் மூன்று நாள், வேகவைத்து. அப்பா இப்போது 61 கிலோ. போன வருடம் 65 இருந்தார். சர்க்கரை என்றவுடன் எல்லாவற்றையும் குறைக்கிறோம், ஆனால் எழுபத்தாறு வயதில் சதை கரைந்தால் விழுந்துவிடுவார்கள். அதனால் முட்டை, பருப்பு, தயிர், சுண்டல் நான்கையும் தாராளமாகவே இந்த அட்டவணையைப் போட்ட அம்மா எழுதியிருக்கிறார். அதில் கை வைக்காதீர்கள்.

மாலை 4.30க்கு சுண்டல், 30 கிராம் பச்சை எடை. ஊறி வெந்தால் இருமடங்கு ஆகும். குழைய வேகவைத்து, லேசாக மசித்தாலும் சரி. டீ 100 மி.லி. அதோடு. நேற்று 4 மணிக்கு வந்த நடுக்கம் இந்த வேளைக்கு அரை மணி முன்னால் வந்தது என்பதைக் கவனித்தீர்களா? மதியம் குறைந்தால் இந்த நேரத்தில்தான் தெரியும்.

மறுபடி வேர்வை, நடுக்கம், குழப்பமான பேச்சு வந்தால் உடனே மிஷினில் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் 3 தேக்கரண்டி சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னும் குறைவாக இருந்தால் அதே அளவு இன்னொரு முறை. ஏறியதும் ஏதாவது சாப்பிட வையுங்கள். மிஷின் கைக்குக் கிடைக்காவிட்டால் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், சர்க்கரைத் தண்ணீர் முதலில். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றக்கூடாது, 108க்கு அழையுங்கள்.

இரவு 7.30 வரியில்தான் மடிப்பு விழுந்திருக்கிறது. சப்பாத்திக்கு எதிரில் 2 என்று எனக்குத் தோன்றுகிறது, உங்களுக்கு 3 என்று தெரிந்தது என்றீர்கள். நாம் ஊகிக்க வேண்டாம். திங்கட்கிழமை அட்டவணை கொடுத்தவர்களின் எண்ணுக்கு அழைத்து அவர்களையே கேளுங்கள். எந்த அளவுச் சப்பாத்தி, எண்ணெய் தடவியதா தடவாததா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அதுவரை அந்த வரியிலேயே தெளிவாகத் தெரியும் 3 இட்லியையே கொடுத்து வாருங்கள். கேழ்வரகுக் கஞ்சியைச் சில பேர் சொல்வார்கள். தண்ணீராகக் காய்ச்சிய கஞ்சி, நம்பும் அளவுக்குச் சர்க்கரைக்கு நல்லது இல்லை, வேகமாகவே ஏற்றிவிடும். கேழ்வரகு வேண்டும் என்றால் அடையாகத் தட்டிக் கொடுக்கலாம். இரவு 9.15க்குப் பால் 100 மி.லி., இரவில் சர்க்கரை இறங்காமல் இருக்க. தண்ணீரை அதிகமாக இரவில் குடித்தால் பாத்ரூமுக்கு எழுந்து இருட்டில் தடுக்குவார். தாளில் உள்ள 8 டம்ளரை மாலை 6 மணிக்குள் பெரும்பாலும் முடித்துவிடுங்கள்.

எண்ணெய் 3 தேக்கரண்டி, உப்பு 1 தேக்கரண்டி என்று அடியில் இருப்பது ஒரு நாள் முழுதுக்கும். எண்ணெய் கணக்கு எளிது. மாதம் 450 மி.லி. ஒரு பாட்டிலில் ஊற்றி அப்பாவுடையது என்று தனியாக வையுங்கள். முடிந்தால் முடிந்தது. உப்புதான் தலைவலி, ஐந்து பேருக்கும் ஒரே குழம்பு. குறைவாக உப்பு போட்டுச் சமைத்து, மற்றவர்கள் தட்டில் சேர்த்துக்கொள்ளட்டும். அப்பளம், வடகம், கருவாடு இவற்றில் இருக்கும் உப்பு அந்த ஒரு தேக்கரண்டியைத் தனியாகவே தின்றுவிடும். கடையில் 'குறைந்த சோடியம்' என்று விற்கும் உப்பை வாங்க வேண்டாம். அதில் பொட்டாசியம் சேர்ந்திருக்கும், அப்பா ரத்த அழுத்தத்துக்குப் போடும் டெல்மிசார்டனோடு அது ஒத்துப்போகாமல் போகலாம். டாக்டரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம். நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடியைப் பரணில் வைத்தேன் என்றீர்கள். ஏணி எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியும், அண்ணி. அண்ணனிடம் சொல்லி ஏணியைப் பக்கத்து வீட்டில் வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. கடைசிப் படத்தில் தாளின் பின்பக்கத்து எழுத்து நிழலாகத் தெரிகிறது. பின்னாலும் ஏதோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வெளிச்சம் எதிரில் படாமல், தாளை மேஜையில் விரித்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். மாத்திரைப் பட்டைகளையும் கூடவே.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்