வடவள்ளி மாடுலர் கிச்சன்: கிரைண்டரை இனி தூக்க வேண்டாம்

கோயம்புத்தூர் வடவள்ளியில் பன்னிரண்டு வருடப் பழைய வீடு. 10க்கு 8 அடி சமையலறை, எல் வடிவம், வேலை முடிந்து சாவி கொடுத்தாயிற்று.

இந்த வீட்டு அக்கா முதல் நாளே சொன்னது ஒன்றுதான்: "மாவாட்டுற அன்னைக்கு கிரைண்டரைத் தூக்கி மேல வைக்கவே இன்னொரு ஆள் வேணும்." அதனால் டிசைன் அங்கிருந்துதான் தொடங்கியது. உயரமான டால் யூனிட் அலமாரிக்குப் பக்கத்தில் தரையிலிருந்து 24 இஞ்ச் உயரத்தில் தனியாக ஒரு கிரானைட் பலகை, பின்னாலேயே பிளக் பாயின்ட், முன்னால் ரோலிங் ஷட்டர். நின்றபடியே ஆட்டி, நின்றபடியே வழித்தெடுத்து, ஷட்டரை இறக்கிவிட்டால் கிரைண்டர் கண்ணிலேயே படாது.

அலமாரிக் கதவுகள் வெள்ளை அக்ரிலிக்கில் வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். படத்தில் பார்க்க அழகுதான், ஆனால் தாளிக்கிற வீட்டில் கைரேகையும் எண்ணெயும் துடைத்து மாளாது. பேசிப் பேசி, கீழே கரும்பச்சை மேட் லேமினேட், மேலே சந்தன நிறம் என்று முடிவானது. மேடைக்குக் கறுப்பு கிரானைட். குவார்ட்ஸில் ரெசின் கலந்திருக்கும், அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரை அப்படியே வைத்தால் தழும்பு விழும், வெள்ளை என்றால் மஞ்சள் கறை வேறு. அக்காவின் உயரத்துக்கு ஏற்ப அடுப்பு மேடையை 32 இஞ்சாகக் குறைத்தோம், சிங்க் பக்கம் வழக்கமான 34.

அலமாரி பாக்ஸ் எல்லாம் 18 மி.மீ., தண்ணீர் தாங்குகிற பிடபிள்யூபி பிளைவுட், ஐஎஸ் 710 முத்திரை உள்ளது. சாஃப்ட் குளோஸ் டிராயர்கள், இட்லிப் பானை நிமிர்ந்து நிற்கிற அளவுக்கு ஆழமாக ஒன்று. சிங்குக்குக் கீழே அலுமினியத் தகடு. சிலிண்டர் யூட்டிலிட்டியில், கதவின் அடிப்பகுதியில் காற்று போக ஜாலி வைத்து. எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடுதான் தேங்கும், ஜாலியை மேலே வைத்துப் பயனில்லை.

எங்கள் பொறுப்பில் இருந்தவை: அளவெடுப்பு, 3டி டிசைன், பழைய சிமென்ட் ஸ்லாபை இடித்து அகற்றியது, பிளம்பிங், வயரிங், டைல்ஸ், கிரானைட், ஃபேக்டரியில் செய்த யூனிட்டுகள், ஃபிட்டிங். சிம்னி, ஹாப் அடுப்பு இரண்டும் அவர்களே வாங்கினார்கள், பொருத்தியது நாங்கள். மொத்தம் ஏழு வாரம், செலவு ரூ.4.2 லட்சம். இதில் இடிப்பு வேலையும் உண்டு, புது வீடு என்றால் குறையும்.

உங்கள் சமையலறைக்கும் பேச வேண்டுமா? "கிச்சன்" என்று மெசேஜ் போடுங்கள், கூடவே வீட்டு பிளானோ நாலு போட்டோவோ அனுப்பினால் போதும். முதல் 30 நிமிட வீடியோ கால் இலவசம், ஞாயிறு தவிர எல்லா நாளும் காலை 10 முதல் மாலை 6 வரை. நேரில் வந்து அளவெடுக்க கோவைக்குள் ரூ.1,500, ஆர்டர் கொடுத்தால் பில்லில் கழித்துவிடுவோம். திருப்பூர், பொள்ளாச்சிக்கும் வருகிறோம், போக்குவரத்துச் செலவு மட்டும் தனி. அப்புறம், வீடியோ காலுக்கு முன்னால் வீட்டிலேயே பெரிய பாத்திரம் எதுவோ அதன் உயரத்தையும் அகலத்தையும் அளந்து வையுங்கள், நாங்கள் கேட்கிற முதல் கேள்வி அதுதான்.

#மாடுலர்கிச்சன் #கோவை #வடவள்ளி #சமையலறைடிசைன்